சனிக்கிழமைக்கு மூன்று கேக்

திருச்சி உறையூரில் எங்கள் வீட்டுச் சமையலறையில் பிறந்தநாள் கேக் செய்து விற்கத் தொடங்கி மூன்று வருடமாகிறது. போன வருடம் வரை ஒரு கிலோ சாக்லேட் ட்ரஃபிள் கேக்கை 650 ரூபாய்க்குக் கொடுத்து வந்தேன். மைதா, முட்டை, சர்க்கரை, கிரீம் எல்லாம் சேர்த்து இருநூற்றுச் சொச்சம்தான் ஆகிறது, மீதி நானூறுக்கு மேல் கையில் நிற்கிறது என்பது என் மனக்கணக்கு. ஆனால் மாதக் கடைசியில் கையில் எதுவும் நிற்கவில்லை. ஆர்டர் குறைவாக இருப்பதால்தான் இப்படி என்று நினைத்து இன்னும் இரண்டு ஆர்டர் கூடுதலாக எடுத்தேன். அதற்கும் பலன் இல்லை.

ஒரு புதன்கிழமை ஒரே ஒரு ஆர்டர்தான் இருந்தது. அன்று பக்கத்தில் ஒரு நோட்டும் கடிகாரமும் வைத்துக்கொண்டு, அந்த ஒரு கேக்கை முதலிலிருந்து கடைசி வரை எழுதிப் பார்த்தேன். கடையில் போட்ட பில்லை வைத்து ஒவ்வொரு கிராமுக்கும் விலை போட்டேன். அந்த நோட்டில் இருந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். என் ஊரில், நான் வாங்கும் கடையில் உள்ள விலை இது. உங்கள் ஊரில் கொஞ்சம் கூடும், குறையும். கணக்குப் போடும் முறை மாறாது.

ஒரு கிலோ கேக் என்று வாங்குபவர் சொல்வது கிரீமும் சாக்லேட்டும் சேர்ந்த எடையை. அதில் வெறும் ஸ்பாஞ்ச் அரைக் கிலோதான். ஏழு அங்குல டின்னில் 120 கிராம் மைதா, 30 கிராம் கோகோ பவுடர், 150 கிராம் சர்க்கரை, மூன்று முட்டை, 75 மில்லி எண்ணெய், 100 கிராம் தயிர் போட்டால், வெந்து மேல் மேட்டை வெட்டி எடுத்த பிறகு 500 கிராம் ஸ்பாஞ்ச் கிடைக்கிறது. அதை மூன்று அடுக்காக அறுத்து, சர்க்கரைப் பாகு 60 கிராம், நடுவிலும் மேலேயும் கனாஷ் 300 கிராம், வெளியே பூச கிரீம் 150 கிராம். மொத்தம் ஒரு கிலோவை ஒட்டி வந்துவிடும். கனாஷ் என்பது டார்க் காம்பவுண்டைச் சூடான கிரீமில் கரைத்துச் செய்யும் சாக்லேட் விழுது. 180 கிராம் காம்பவுண்டுக்கு 120 கிராம் கிரீம் போடுகிறேன்.

விலை போட்டபோது எனக்கு முதல் ஆச்சரியம் மைதாதான். ஒரு கேக்குக்கு மைதா வெறும் 6 ரூபாய். எந்தக் கடையில் மைதா கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைவு என்று நான் அலைந்ததெல்லாம் வீண் அலைச்சல். பணம் போகும் இடம் வேறு. கிரீம் 65 ரூபாய், காம்பவுண்ட் 58, கோகோ 30. இந்த மூன்றே 153 ரூபாய். முட்டைக்கு 21, மைதா, சர்க்கரை, எண்ணெய், தயிர், பேக்கிங் பவுடர், எசென்ஸ் எல்லாம் சேர்ந்து 40. ஆக, கேக்குக்குள் போனது 214 ரூபாய். அதில் பத்துக்கு ஏழு பங்கு சாக்லேட்டும் கிரீமும்.

என் பழைய மனக்கணக்கு இங்கேயே நின்றுவிட்டிருந்தது. வாயில் போடாத பொருளுக்கெல்லாம் நான் கணக்கே வைக்கவில்லை. அடியில் வைக்கும் அட்டை 22 ரூபாய், பெட்டி 38, மெழுகுவத்தியும் பிளாஸ்டிக் கத்தியும் 12, பட்டர் பேப்பரும் பைப்பிங் பேக்கும் 8, 'ஹேப்பி பர்த்டே' டாப்பர் 20. இதுவே சுளையாக 100 ரூபாய். அவன், பீட்டர், ஃபிரிட்ஜ் ஓடிய கரண்டுக்கு 15. கிண்ணத்தில் ஒட்டியது, அளவு தவறிக் கொட்டியது, பையில் மிஞ்சிய கிரீம் இவற்றுக்கு இன்னொரு 15. பிறகு சாமான்களின் தேய்மானம். ஓடிஜி அவன், பீட்டர், டின்கள், டர்ன்டேபிள், தராசு எல்லாம் வாங்க எனக்கு 15,000 ரூபாய் ஆனது. 500 கேக் வரை அவை உழைக்கும் என்று வைத்தால், கேக்குக்கு 30 ரூபாய். எல்லாம் கூட்டினால் 374.

கரண்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒரு கேக்குக்கு அவன் இழுப்பது ஏறக்குறைய ஒரு யூனிட், பெரிய தொகை இல்லை. ஆனால் தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் கட்டண அடுக்கே மாறி, கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் கூடுதல் விலை விழும். 480-ல் நின்றிருக்க வேண்டிய வீடு கேக்கால் 520-க்குப் போனால், அந்த வித்தியாசம் முழுவதும் கேக்கின் செலவுதான். அதனால் மாதம் முடிய இருக்கும்போது மீட்டரை ஒரு பார்வை பார்த்துக்கொள்கிறேன்.

அன்று கேக் முடிந்ததும் தராசில் வைத்தேன். 1,280 கிராம். ஒரு கிலோ கேட்டவருக்கு ஒன்றேகால் கிலோவுக்கு மேல் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன், மூன்று வருடமாக. டின்னில் மாவை எடை போடாமல் கண்ணளவில் ஊற்றியதும், பூச்சு வழவழப்பாக வரும் வரை கிரீமை மேலே மேலே அப்பியதும்தான் காரணம். அந்த 280 கிராமுக்கு 65 ரூபாய் ஆகிறது. ஒரு கை கூடப் போடுவது நம் வீட்டு வழக்கம், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் ஒரு கை கூட என்பது 30, 40 கிராம். 280 கிராம் என்பது இன்னொருவருடைய கால் கிலோ கேக். இப்போது காலி அட்டையைத் தராசில் வைத்து, ஒவ்வொரு அடுக்கு முடிந்ததும் எடை பார்க்கிறேன். 1,040-ஐத் தாண்ட விடுவதில்லை.

பொருள் கணக்கு இவ்வளவுதான். நேரக் கணக்கில்தான் எனக்குக் கண் திறந்தது. அன்று கடிகாரம் பார்த்து எழுதியதைக் கூட்டினால் கிட்டத்தட்ட நான்கு மணி நேரம் வந்தது. கேக் செய்யும் நேரம் அதில் பாதிதான். "இந்த மாதிரி படம் அனுப்பியிருக்கேன் பாருங்க", "பூ நீலமா, ஊதாவா" என்று வாட்ஸ்அப்பில் பேசியதே 25 நிமிடம். கடைக்குப் போய் வந்ததில் இந்தக் கேக்கின் பங்கு 20 நிமிடம். வெளிப்பூச்சுக்கு மட்டும் 50 நிமிடம். பாத்திரம் கழுவ அரை மணி. கிரீம் ஒட்டிய பாத்திரத்தைத் தேய்த்துப் பார்த்தவர்களுக்கு அந்த அரை மணி புரியும்.

650 ரூபாயில் 374 செலவு, கூடக் கொடுத்தது 65. கையில் நின்றது 211. நான்கு மணி நேரத்துக்கு 211 என்றால் மணிக்கு 53 ரூபாய். வெளியே போய்ச் செய்கிற எந்த வேலைக்கும் இந்தக் கூலிக்கு நான் சம்மதித்திருக்க மாட்டேன்.

என் நேரத்துக்கு மணிக்கு 120 ரூபாய் என்று வைத்தேன். நான்கு மணி நேரம் 480, செலவு 374, சேர்ந்து 854. விலையை 900 ஆக்கினேன். மிச்சமுள்ள 46 ரூபாய், ஒரு கேக் சரிந்து திரும்பச் செய்ய வேண்டி வந்தால் அதற்கு. சிலர் செலவை இரண்டால், மூன்றால் பெருக்கி விலை வைப்பார்கள். சுலபமான வழிதான். ஆனால் அதில் கார் வடிவக் கேக்குக்கும் சாதாரணக் கேக்குக்கும் ஒரே விலை வந்துவிடும். பொருள் ஒன்றாக இருக்கும், வேலை இரண்டு மணி நேரம் கூடியிருக்கும்.

இதே கணக்கில் அரைக் கிலோ கேக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ 900 என்றால் அரைக் கிலோ 450 என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். உள்ளே போகும் பொருள் பாதியாகிறது, 107 ரூபாய். ஆனால் டாப்பர் பாதியாகாது, மெழுகுவத்தி பாதியாகாது, பெட்டி கொஞ்சம் சிறிதாகும், அவ்வளவுதான். செலவு 242-ல் நிற்கிறது. நேரமோ மூன்று மணி இருபது நிமிடம். வாட்ஸ்அப் பேச்சும் பாத்திரமும் பெயர் எழுதுவதும் எந்த அளவு கேக்குக்கும் ஒன்றுதான். 450-க்குக் கொடுத்தால் மணிக்கு 62 ரூபாய்தான் வரும். அதனால் என்னிடம் அரைக் கிலோ 650. "என்னங்க, பாதிக் கேக்குக்கு முக்கால் விலையா?" என்று முகம் சுளிப்பவர்களிடம் பொறுமையாகச் சொல்கிறேன், பாதியாவது மாவுதான், வேலை இல்லை என்று. பாதிப் பேர் அங்கேயே ஒரு கிலோவுக்கு மாறிவிடுகிறார்கள்.

விலையைப் போட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டு வருடக்கணக்கில் விட்டுவிடவும் கூடாது. கானாவிலும் ஐவரி கோஸ்டிலும் விளைச்சல் விழுந்ததால், 2024 டிசம்பரில் உலகச் சந்தையில் கோகோ டன் 12,000 டாலரைத் தாண்டியது. அது அப்படியே நம் ஊர்க் கடைக்கும் வந்தது. செலவில் பெரும்பங்கு சாக்லேட்டும் கிரீமும் என்பதால், இந்த மூன்று பொருளின் விலையை மட்டும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றி எழுதினாலே கணக்கு சரியாக இருக்கும். மைதா விலையைத் தொட வேண்டியதே இல்லை.

விலை சரியான பிறகும் ஒரு தவறு மிச்சம் இருந்தது. அது எத்தனை ஆர்டர் எடுப்பது என்பதில்.

மே மாதம், கத்திரி வெயில், சனிக்கிழமை. ஐந்து கேக் ஒப்புக்கொண்டிருந்தேன். அவன் தாங்கும், நேற்று இரவே ஸ்பாஞ்ச் எல்லாம் சுட்டு வைத்தாயிற்று, இனி அலங்காரம்தானே என்று நினைத்தேன். காலை பதினொன்றுக்கே மூன்று கேக் ஃபிரிட்ஜுக்குள் போய்விட்டது. எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் 250 லிட்டர். நடுத் தட்டைக் கழற்றிவிட்டு, இட்லி மாவுப் பாத்திரத்தை எதிர் வீட்டில் கொடுத்துவிட்டு, மூன்றாவது பெட்டியைத் தள்ளி உள்ளே வைத்தேன். குளிர்காற்று சுற்றி வர இடமே இல்லை. போதாக்குறைக்குக் கிரீமுக்கும் கனாஷுக்குமாகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கதவைத் திறந்துகொண்டிருந்தேன். மதியத்துக்குள் உள்ளே இருந்த பால் பாக்கெட் தொட்டால் ஜில்லென்று இல்லை. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

நான்காவது கேக்குக்குக் கிரீம் அடித்தபோது அது சரியாக எழும்பவில்லை. விப்பிங் கிரீம் ஃப்ரீசரிலிருந்து எடுத்து உருகி வரும்போது, லேசாக ஐஸ் படிகம் மிதக்கும் நிலையிலேயே அடிக்க வேண்டும். முழுக்க உருகிச் சூடேறிவிட்டால் எவ்வளவு அடித்தாலும் தளர்வாகவே நிற்கும். எழும்பவில்லையே என்று மேலும் அடித்தால், திடீரென்று ரவை ரவையாகத் திரிந்துவிடும். அன்று எனக்கு இரண்டும் நடந்தது. ஐந்தாவது கேக்குக்குக் கனாஷ் ஆற நேரமில்லை. விரல் வைத்தால் வெதுவெதுப்பாக இருந்தது, பரவாயில்லை என்று அடுக்கிவிட்டேன்.

கேக் சரியப்போகிறது என்பதை அது முன்கூட்டியே சொல்லும். முதலில் பக்கவாட்டில், நடு அடுக்கு இருக்கும் உயரத்தில், பூச்சு கொஞ்சம் வயிறு தள்ளும். பிறகு அடி அட்டையில் பழுப்பு நிறத்தில் மெல்லிய ஈரக் கோடு தெரியும். உள்ளே கனாஷ் இளகி, ஸ்பாஞ்ச் அடுக்கு அதன் மேல் வழுக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். இந்த நிலையில் வெளியே எவ்வளவு கிரீம் பூசி மறைத்தாலும் நிற்காது. நடுவில் ஒரு ஸ்ட்ராவைக் குத்தி நிறுத்தி, ஒரு மணி நேரமாவது நன்றாகக் குளிர வைக்க வேண்டும். என்னிடம் ஒரு மணி நேரமும் இல்லை, ஃபிரிட்ஜில் இடமும் இல்லை. அந்தக் கேக் ஸ்கூட்டரில் போய் இறங்கியபோது மேல் அடுக்கு ஒரு விரல் அளவு நகர்ந்திருந்தது. குழந்தையின் பெயரில் கடைசி எழுத்து பெட்டியின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த வீட்டு அம்மா சத்தம் போடவில்லை. "சரி விடுங்கக்கா, குழந்தைக்குத் தெரியாது" என்றார். முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தேன். இன்றும் அந்தத் தெரு வழியாகப் போகும்போது அந்த எழுத்து நினைவுக்கு வருகிறது.

அதற்குப் பிறகுதான் என் வரம்பு எது என்று உட்கார்ந்து பார்த்தேன். எல்லோரும் அவனைத்தான் வரம்பு என்று நினைக்கிறோம். 28 லிட்டர் ஓடிஜியில் ஒரு டின் வேக, சூடேறும் நேரமும் சேர்த்து 50 நிமிடம். வெள்ளி மாலை மூன்று டின் வரிசையாகச் சுட்டு, ஆற வைத்து, கிளிங் ஃபிலிம் சுற்றி வைத்துவிடலாம். அன்றே அறுப்பதைவிட மறுநாள் அறுத்தால் பொடி உதிராமல் அழகாக வரும். ஆகவே அவனால் தொல்லை இல்லை. சனிக்கிழமை ஒவ்வொரு கேக்குக்கும் அடுக்குவது, பூசுவது, பெயர் எழுதுவது, கட்டுவது, கழுவுவது என்று இரண்டரை மணி நேரம் கை வேலை. நடுவில் வீட்டுச் சமையலும் உண்டு. ஏழரை மணி நேரம்தான் என் முதுகு தாங்கும். அது மூன்று கேக். ஃபிரிட்ஜில் கதவு சரியாக மூடி, காற்று சுற்றி வருகிற மாதிரி வைத்தால் நிற்பது இரண்டு பெட்டி.

ஆக சனிக்கிழமைக்கு மூன்று கேக். அதுவும் மூன்றையும் ஒரே நேரத்தில் கொடுக்க முடியாது. முதல் கேக்கைப் பகல் பன்னிரண்டு மணிக்கு எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். அந்த இடத்துக்கு மூன்றாவது கேக் வரும். இரண்டாவது நான்கு மணிக்கு, மூன்றாவது ஆறு மணிக்கு. ஆர்டர் எடுக்கும்போதே இந்த மூன்று நேரத்தில் எது வேண்டும் என்று கேட்டுவிடுகிறேன். நேரம் இல்லாத ஆர்டர் என் நோட்டில் கிடையாது. ஞாயிறுக்கு இரண்டு கேக்தான். ஒரு நாள் விட்டு மறுநாள் அதே கையால் பூசும்போது விளிம்பு கோணல் ஆகிறது என்பதை என் படங்களைப் பார்த்தே கண்டுபிடித்தேன்.

மூன்று நாளுக்கு முன்பே சொல்ல வேண்டும், பாதிப் பணம் முன்பணமாக வர வேண்டும். முன்பணம் வந்த பிறகுதான் நோட்டில் பெயர் ஏறும். பெயரை எப்படி எழுத வேண்டும் என்பதை அவர்கள் கையாலேயே தட்டச்சு செய்து அனுப்பச் சொல்கிறேன். 'தர்ஷினி'யா 'தர்ஷணி'யா என்று போனில் கேட்டு எழுதி ஒருமுறை தவறாகிவிட்டது. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிப்பு வந்ததும் முதல் வேலையாக அந்த நாளை நோட்டில் அடித்துவிடுவேன். காலை ஒன்பது மணிக்குப் போகும் கரண்ட் சாயங்காலம்தான் வரும் என்றால், அன்று கிரீம் கேக் எடுப்பதற்கில்லை.

ஸ்ரீரங்கத்திலிருந்து வரும் ஆர்டர்களில் நிறையப் பேர் முட்டை இல்லாமல் கேட்பார்கள். புரட்டாசி மாதம் பிறந்துவிட்டால் இந்தப் பக்கத்திலிருந்தும் அதே பேச்சுதான். அதற்கு முட்டையின் 21 ரூபாய் மிச்சமாகும் என்று விலையைக் குறைத்துவிடக் கூடாது. முட்டைக்குப் பதில் கண்டென்ஸ்டு மில்க் 200 கிராம் போகிறது, 70 ரூபாய் கூடுகிறது. அந்த ஸ்பாஞ்ச் பொலபொலவென்று இருப்பதால் உயரமாக அடுக்கவும் முடியாது. என் விலை 950. ஆனால் விலையைவிட முக்கியமான ஒன்றை ஒரு மாமி கேட்டார். "முட்டை அடிச்ச பீட்டர்லயே இதையும் அடிப்பியாம்மா?" அதுவரை நான் யோசித்ததில்லை. இப்போது டின், கிண்ணம், பீட்டர் கம்பி மூன்றும் அதற்கென்று தனி. அவனும் ஃபிரிட்ஜும் ஒன்றுதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கேட்டுவிட்டு வேண்டாம் என்பவர்களும் உண்டு. அது அவர்கள் உரிமை.

சனி, ஞாயிறு நிறைந்துவிட்டால் மற்ற நாட்கள் காலியாக இருக்கின்றன. அந்த இடத்துக்குத்தான் குக்கீஸ். கேக் மாதிரி அதற்கு நாள் நெருக்கடி இல்லை, ஃபிரிட்ஜும் வேண்டாம். செவ்வாயன்று சுட்டதை, நன்றாக ஆற வைத்துக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டால், சனிக்கிழமை கேக் வாங்க வருபவர் கையில் கொடுக்கலாம். பிறந்தநாளுக்கு வரும் பிள்ளைகளுக்கு ரிட்டர்ன் கிஃப்டாகவும் கேட்கிறார்கள்.

என்னிடம் அதிகம் போவது ராகி நாட்டுச்சர்க்கரை குக்கீஸ். 260 கிராம் வெண்ணெய், 220 கிராம் நாட்டுச்சர்க்கரை, 210 கிராம் கோதுமை மாவு, 160 கிராம் ராகி மாவு, கொஞ்சம் பால், ஏலக்காய். பிசைந்த மாவு 860 கிராம். தொடக்கத்தில் இது 815 கிராமாக இருந்தது. கால் கிலோ டப்பா மூன்று வரும் என்று ஆர்டர் எடுத்துவிடுவேன், மூன்றாவது டப்பாவில் எப்போதும் இரண்டு மூன்று குறையும். வேகும்போது மாவில் பத்தில் ஒரு பங்கு ஈரமாகப் போய்விடுகிறது என்பதைக் கணக்கில் சேர்க்காததுதான் காரணம். டப்பாவில் 250 கிராம் என்று எழுதினால், அது வெந்து ஆறிய குக்கீஸின் எடையாக இருக்க வேண்டும். இப்போது 20 கிராம் உருண்டையாக 43 வருகிறது. 14 வீதம் மூன்று டப்பா, ஒன்று ருசி பார்க்க.

இங்கே பணம் போகும் இடம் வெண்ணெய் ஒன்றுதான். ஒரு தடவைக்கு 190 ரூபாய்ப் பொருளில் 146 வெண்ணெய்க்கே போகிறது. டப்பா, லேபிள், கரண்ட் சேர்ந்து டப்பாவுக்கு 83 ரூபாய். ஒரு தடவை மாவை மட்டும் செய்தால் ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும். இரண்டு தடவைக்குரிய மாவைச் சேர்த்துப் பிசைந்தால் இரண்டு மணி இருபது நிமிடத்தில் ஆறு டப்பா வரும். அதனால் ஆறு டப்பாவுக்குக் குறைந்த ஆர்டருக்காக நான் அவனை மூட்டுவதில்லை. கூலியும் தேய்மானமும் சேர்த்து டப்பா 135-ல் முடிகிறது, 150-க்குக் கொடுக்கிறேன். தெருமுனைக் கடைக்காரர் "நான் வைக்கிறேன், எனக்கு நூற்றுக்கு இருபது கொடுங்க" என்றார். 120 ரூபாய்தான் கைக்கு வரும். பொருள் செலவு போக 37 ரூபாய். அந்த விலைக்கு என் செவ்வாய்க்கிழமையைக் கொடுக்க மனம் வரவில்லை, வேண்டாமென்று சொல்லிவிட்டேன்.

வீட்டில் செய்தாலும் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு இல்லாமல் விற்கக் கூடாது. சிறிய அளவில் செய்பவர்களுக்கு உரிமம் வேண்டாம், பதிவு போதும். ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். பதிவானதும் 14 இலக்க எண் கிடைக்கும். டப்பாவில் அடைத்து விற்கும் குக்கீஸில் அந்த எண், உள்ளே என்னென்ன இருக்கிறது, எடை, செய்த தேதி, எத்தனை நாளுக்குள் சாப்பிட வேண்டும், நம் பெயர், முகவரி எல்லாம் இருக்க வேண்டும். முட்டை சேர்ந்த எதற்கும் பச்சைக் குறி போடக் கூடாது. நம் நாட்டு விதிப்படி முட்டை அசைவக் குறிக்குள்தான் வரும்.

இந்த வரம்போடு வாரத்துக்கு எவ்வளவு வரும் என்று பலர் கேட்கிறார்கள். ஐந்து கேக், பன்னிரண்டு டப்பா குக்கீஸ். கேக்கில் பொருள் செலவு போக ஒன்றுக்கு 526 ரூபாய் வீதம் 2,630. குக்கீஸில் 740-ஐ ஒட்டி. மொத்தம் 3,370 ரூபாய், 25 மணி நேர வேலைக்கு. எல்லா வாரமும் நிறைந்தால் மாதம் பதின்மூன்றாயிரத்துச் சொச்சம். ஆடியில் குறையும், பள்ளி திறக்கும் மாதத்தில் குறையும். இதற்கு மேல் வேண்டும் என்றால் ஆர்டரைக் கூட்டிப் பயனில்லை, இடத்தைக் கூட்ட வேண்டும். நிறையப் பேர் முதலில் பெரிய அவன் வாங்குகிறார்கள். என்னைக் கேட்டால் கேக்குக்கென்று தனியாக ஒரு பழைய ஃபிரிட்ஜ் முதலில், கழுவ ஒரு ஆள் இரண்டாவது, அவன் மூன்றாவது. நான் இப்போது ஃபிரிட்ஜுக்குச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

நேற்று மாலை ஒரு போன். "அக்கா, இந்தச் சனிக்கிழமை பாப்பாவுக்கு முதல் பிறந்தநாள். ஒண்ணே ஒண்ணுதானே, எப்படியாவது பண்ணிக் கொடுங்க." நோட்டைத் திறந்து பார்த்தேன். பன்னிரண்டு, நான்கு, ஆறு, மூன்றிலும் பெயர் இருந்தது. "சனிக்கிழமை முடியாதும்மா. வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு எடுத்துட்டுப் போறதா இருந்தா பண்ணித் தரேன். உன் ஃபிரிட்ஜ்ல பத்து அங்குலப் பெட்டி நிக்குமான்னு அளந்து பார்த்துட்டுச் சொல்லு. வெட்டறதுக்கு அரை மணி முன்னாடி வெளியே எடுத்து வெச்சாப் போதும், கனாஷ் இளகி நல்லா இருக்கும்" என்றேன். பத்து நிமிடத்தில் படம் வந்தது. ஃபிரிட்ஜின் நடுத் தட்டைக் கழற்றி, உள்ளே தையல் டேப்பை நீட்டி வைத்து எடுத்திருந்தாள். பன்னிரண்டு அங்குலம் இருந்தது. கூடவே முன்பணம் வந்த தகவலும், பாப்பாவின் பெயரும்.